மாத்திரை போட்ட தண்ணீரிலும் வயிற்றுப்போக்கு வருமா?

"அண்ணாச்சி, ஆத்துத் தண்ணி தெருவுக்குள்ள வந்து மூணு நாள் கழிச்சு இப்பதான் வடிஞ்சிருக்கு. குழாயில தண்ணி வரல. ஆரம்ப சுகாதார நிலையத்துல குளோரின் மாத்திரை ஒரு பட்டை குடுத்தாங்க. வீட்டுல ஆர்.ஓ. மெஷினும் இருக்கு. மாத்திரை போட்டா போதுமா, கொதிக்க வைக்கணுமா, இல்ல மெஷின்ல வடிகட்டினா போதுமா? ஒன்றரை வயசுப் பிள்ளையும் எங்க ஆச்சியும் வீட்டுல இருக்காங்க."

தம்பி, முதலில் தண்ணீரைத் தெளிய வையுங்கள். அப்புறம் மாத்திரை. பிள்ளைக்கும் ஆச்சிக்கும் மட்டும் கொதிக்க வைத்துக் கொடுங்கள். மெஷினை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். சுருக்கமாகக் கேட்டால் இவ்வளவுதான். ஆனால் இந்த வரிசை எதற்கு என்று தெரியாவிட்டால் நடுவில் ஒரு படியை விட்டுவிடுவீர்கள். பெரும்பாலும் எல்லாரும் விடுவது முதல் படியைத்தான்.

நான் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருநெல்வேலி சந்திப்பு முதல் ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வரை தாமிரபரணி கரை மீறி ஓடியது. அப்போது ஆற்றங்கரை ஊர் ஒன்றில், கல்யாண மண்டபத்தில் நடந்த நிவாரண முகாமுக்கு உதவிக்குப் போயிருந்தேன். அங்கே 200 லிட்டர் நீல பேரல் ஒன்றில் குடிதண்ணீர் வைத்திருந்தார்கள். மாத்திரை பட்டையில் '20 லிட்டருக்கு 1' என்று போட்டிருந்தது. பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, கணக்காகப் பத்து மாத்திரை போட்டு, கம்பால் கலக்கி, அரை மணி நேரம் காத்திருந்துதான் குடிக்கக் கொடுத்தார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது. இருந்தும் மூன்றாம் நாள் காலையில் ஏழெட்டுப் பேருக்கு வயிற்றுப்போக்கு.

பேரலிலிருந்து ஒரு சோதனைக் குழாய் தண்ணீர் எடுத்து, குளோரோஸ்கோப்பில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தேன். குளோரின் மிச்சம் இருந்தால் தண்ணீர் உடனே மஞ்சளாகும். கூடுதலாக இருந்தால் மஞ்சள் அடர்ந்து தெரியும். அன்றைக்கு மஞ்சள் மருந்துக்குக்கூட இல்லை. டீயில் பால் கலந்த மாதிரி இருந்த அந்தத் தண்ணீர் அதே நிறத்தில்தான் நின்றது. பத்து மாத்திரையும் எங்கே போனது?

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். குளோரின்தான் சோறு. தண்ணீரில் இருக்கும் களிமண், மட்கிய இலை, சாக்கடைக் கசடு எல்லாம் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடும். குளோரினுக்குக் கிருமி எது, அழுக்கு எது என்ற வேற்றுமை தெரியாது. எதிரில் எது கிடைக்கிறதோ அதோடு சேர்ந்து செலவாகிவிடும். கிருமியின் முறை வரும்போது அண்டா காலி. போதாக்குறைக்கு, கிருமிகள் மண் துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். மிச்சம் மீதி குளோரின் இருந்தாலும் அந்தத் துகளுக்குள் போக முடியாது. ஒரு மாத்திரை 20 லிட்டரில் கரைந்தால் லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். தெளிந்த தண்ணீர் அதில் பாதியைத் தின்றாலும் பாதி மிஞ்சும். கலங்கல் தண்ணீர் முழுவதையும் தின்றுவிட்டு இன்னும் கேட்கும்.

அன்று சாயங்காலம் அதே இடத்துத் தண்ணீரை இன்னொரு பேரலில் பிடித்து, படிகாரம் போட்டுத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் சேலைத் துணியில் வடித்து, அதே பத்து மாத்திரை போட்டோம். அரை மணி கழித்துப் பார்த்தால் நல்ல மஞ்சள். தண்ணீரும் அதேதான், மாத்திரையும் அதேதான். தெளியவிட்டது ஒன்றுதான் வித்தியாசம்.

இப்போது உங்கள் வீட்டில் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். அளவுக்கு 20 லிட்டர் வாட்டர் கேனை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைக் கணக்கும் 20 லிட்டர், கேனும் 20 லிட்டர், அதனால் குழப்பமே வராது. ஆனால் பட்டையைத் திருப்பி ஒருமுறை படித்துவிடுங்கள். எல்லா மாத்திரையும் ஒரே வீரியம் கிடையாது. ஒரு லிட்டருக்கான சின்ன மாத்திரையும் உண்டு, 20 லிட்டருக்கான மாத்திரையும் உண்டு. பக்கத்து வீட்டில் சொன்ன எண்ணிக்கையை அப்படியே போடாதீர்கள்.

எந்தத் தண்ணீரை எடுப்பது என்பதில் ஒரு பேச்சு. 'தாமிரபரணித் தண்ணி, அதுக்கு என்ன குறை' என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்வோம். சாதாரண நாளில் அந்தப் பெருமை இருக்கட்டும். வெள்ளத்தில் வரும் தண்ணீர் பொதிகையிலிருந்து நேராக உங்கள் வாசலுக்கு வரவில்லை. கக்கூஸ் தொட்டி, சாக்கடை, செத்த ஆடு மாடு, வயலில் தெளித்த மருந்து எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறது. மழை இன்னும் பெய்தால், கொஞ்ச நேரம் பெய்யவிட்டு, திறந்த வெளியில் சுத்தமான அண்டாவை வைத்துப் பிடியுங்கள். அந்த நேரத்தில் அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது. அடுத்தது லாரித் தண்ணீர். அப்புறம் வெள்ளம் ஏறாத மேட்டில் இருக்கும் அடிபம்பு. தெருவில் நிற்கும் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் வேறு வழியே இல்லாதபோதுதான். அதிலும் மண்ணெண்ணெய், டீசல், பூச்சிமருந்து வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். மாத்திரையும் நெருப்பும் கிருமியைக் கொல்லும், எண்ணெயையும் விஷத்தையும் எடுக்காது. கொதிக்க வைத்தால் தண்ணீர் சுண்டி இன்னும் கெட்டியாகத்தான் ஆகும்.

தெளியவைக்க, தண்ணீரை ஒரு அண்டாவில் பிடித்து மூடி, ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள். மணலாக இருந்தால் காலைக்குள் இறங்கிவிடும். களிமண் கலங்கல் அவ்வளவு லேசில் இறங்காது. அதற்குத்தான் படிகாரம். சவரக் கடையில் முகத்தில் தேய்ப்பார்களே, அந்தக் கட்டிதான். 20 லிட்டருக்கு ஒரு கிராம், அதாவது பொடித்தால் ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் கூட. கட்டியாக இருந்தால் தண்ணீருக்குள் நாலைந்து சுற்று சுற்றிவிட்டு எடுத்துவிடுங்கள். பிறகு கரண்டியால் மெதுவாக ஐந்து நிமிஷம் கலக்குங்கள். வேகமாகக் கலக்கினால் சேர்ந்துவரும் திப்பி உடைந்துவிடும். பஞ்சு மாதிரி திப்பி திப்பியாக மிதந்து, பிறகு கீழே இறங்குவது கண்ணுக்கே தெரியும். ஒரு மணி நேரம் போதும். ஆசைக்குக் கூடுதலாகப் போட்டால் தண்ணீர் துவர்க்கும். அந்தக் காலத்தில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார்களே, அதுவும் இதே வேலைதான். வீட்டில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் படிகாரமோ தேற்றாங்கொட்டையோ கிருமியைக் கொல்லாது. 'பளிங்கு மாதிரி இருக்கு' என்று அப்படியே குடித்துவிடாதீர்கள்.

தெளிந்த மேல் தண்ணீரை அடி கலங்காமல் செம்பால் மொண்டு, பழைய நூல் சேலையை நாலாக மடித்துக் கேன் வாயில் கட்டி, அதில் ஊற்றுங்கள். பாலியஸ்டர் துணி வேண்டாம், அதன் இழையிடுக்கில் மண் நிற்காது. போதுமான அளவு தெளிந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. தெளிந்த தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, செய்தித்தாள் மேல் நிற்க வைத்து, வாய் வழியாகக் கீழே பாருங்கள். சின்ன எழுத்தும் தெளிவாகத் தெரிந்தால் ஒரு மாத்திரை. தலைப்பு மட்டும் தெரிந்து சின்ன எழுத்து மங்கினால் இரண்டு மாத்திரை. தலைப்பே தெரியாவிட்டால் மாத்திரையை வீணாக்காதீர்கள், திரும்பத் தெளிய வையுங்கள்.

மாத்திரையைப் போட்டு மூடி, கேனை நாலு தடவை சாய்த்துக் கலக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம் விடுங்கள். தாகத்தில் பத்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார்கள், அதைக் கண்டித்துச் சொல்லிவிடுங்கள். அரை மணி கழித்து ஒரு டம்ளரில் ஊற்றி மோந்து பாருங்கள். லேசாக மருந்து வாடை வர வேண்டும். நம் ஆட்கள் அந்த வாடையைத்தான் வெறுப்பார்கள். என் கணக்கில் அதுதான் நல்ல செய்தி. தன்னால் முடிந்த கிருமியை எல்லாம் முடித்துவிட்டு, அடுத்து ஏதாவது விழுந்தால் அதையும் பார்த்துக்கொள்ளக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். வாடையே இல்லை என்றால் இன்னொரு மாத்திரை போட்டு, இன்னும் அரை மணி. அப்போதும் வாடை வரவில்லை என்றால் அந்தத் தண்ணீரைக் கழுவத் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், குடிக்க வேண்டாம். வாடை தாங்கவில்லை என்றால் குடிக்கும் முன்னால் இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி டீ ஆற்றுகிற மாதிரி ஆற்றுங்கள், குறைந்துவிடும். அதையும் குடிக்கிற அளவுக்கு மட்டும் செய்யுங்கள். மொத்தக் கேனையும் ஆற்றிவிட்டால் காவல்காரனை அனுப்பிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

அதே காரணத்தால்தான் கேனை வெயிலில் வைக்க வேண்டாம், பித்தளை, செம்பு, அலுமினியக் குடத்தில் மாத்திரை போட வேண்டாம், மண்பானையிலும் ஊற்றிவைக்க வேண்டாம் என்கிறேன். வெயில், உலோகம், பானைச் சுவர் எல்லாமே குளோரினைச் செலவழிக்கும். பிளாஸ்டிக் நல்லது, அவசரத்துக்கு எவர்சில்வர் பரவாயில்லை. அப்புறம் கையை விட்டு மொள்ளக் கூடாது. அந்த மண்டபத்தில் நான் பார்த்த இன்னொரு தப்பு அதுதான். பேரலுக்குள் ஒரே டம்ளர் நாள் முழுக்க முங்கி முங்கி எழும்பிக்கொண்டிருந்தது. கேனைச் சரித்து ஊற்றுங்கள், இல்லையென்றால் குழாய் வைத்த கேனாக வையுங்கள். 24 மணி நேரம் ஆன தண்ணீரைத் துணி துவைக்க வைத்துக்கொண்டு புதிதாகப் போடுங்கள்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள்: தண்ணீரில் போடச் சொன்ன மாத்திரையைத் தண்ணீரோடு முழுங்கியவர்கள் உண்டு. சுகாதார நிலையத்தில் காய்ச்சல் மாத்திரையோடு சேர்த்துக் கையில் கொடுத்தால் ஆச்சிக்கு எப்படித் தெரியும்? வேறு டப்பாவில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஈரம் பட்டுப் பொடியாகிப்போன மாத்திரைக்கு வீரியம் இருக்காது.

சரி, கொதிக்க வைப்பது. மாத்திரைக்கு அடங்காத கிருமிகள் சில உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்குக் கெட்டியான ஓடு இருப்பதால் நம் மாத்திரை அளவு குளோரினில் அது சாகாது. நெருப்பில் சாகும். உங்களை மாதிரி திடமானவர்கள் தாங்கிக்கொள்வார்கள், ஒன்றரை வயசுப் பிள்ளையும் ஆச்சியும் தாங்க மாட்டார்கள். அதனால்தான் அவர்களுக்கு மட்டும் தனியாகச் சொன்னேன். வீடு முழுக்கக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம்தான், ஆனால் சிலிண்டர் எப்போது வரும் என்று தெரியாது, விறகும் நனைந்து கிடக்கும். இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டர் போதும்.

வடித்த தண்ணீரைத்தான் கொதிக்க வைக்க வேண்டும். ஓரத்தில் குமிழி விடுவது கணக்கில்லை. பாத்திரம் முழுக்கத் தளதளவென்று புரள வேண்டும், அப்படி ஒரு நிமிஷம் புரண்டால் போதும். பத்து நிமிஷம், இருபது நிமிஷம் என்று கேஸைக் கரைக்க வேண்டியதில்லை. பிறகு அதே பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். நம் வீடுகளில் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். சூடு ஆறுவதற்குள் பிள்ளை தண்ணீர் கேட்டு அழும். வெந்நீர் விளாவுகிற பழக்கத்தில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிடுவோம். அந்த ஒரு டம்ளரோடு கொதிக்க வைத்தது அத்தனையும் வீண். விளாவியே ஆக வேண்டும் என்றால் முந்தின நாள் கொதித்து ஆறியதை ஊற்றி விளாவுங்கள். கொதித்த தண்ணீரில் குளோரின் மாதிரி காவல் எதுவும் கிடையாது. ஒரு அழுக்கு விரல் பட்டாலே பழைய கதைதான். அதனால் சாயங்காலம் கொதித்ததை மறுநாள் சாயங்காலத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பால்மாவு கரைக்க, மருந்து கொடுக்க, பால்புட்டி கழுவ இந்தத் தண்ணீர்தான்.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். ஆர்.ஓ. மெஷின் குழாய்த் தண்ணீருக்காகச் செய்தது. வெள்ளத் தண்ணீரை ஊற்றினால் முன்னால் இருக்கும் வடிகட்டி ஒரே நாளில் சேறு கட்டி அடைத்துவிடும். கரண்டும் இல்லை. உள்ளே புற ஊதா விளக்கு இருந்தாலும், கலங்கல் தண்ணீரில் மண் துகளின் நிழலில் கிருமி தப்பித்துக்கொள்ளும். பலருக்குத் தெரியாத ஒன்று: 'எதுக்கும் இருக்கட்டும்' என்று மாத்திரை போட்ட தண்ணீரை மெஷினில் ஊற்றுகிறார்கள். மெஷினுக்குள் இருக்கும் கரி வடிகட்டி குளோரினை உறிஞ்சிவிடும். காவல் இல்லாத தண்ணீர், பல நாள் கரண்ட் இல்லாமல் நின்ற தொட்டியில் போய் விழும். இரண்டையும் சேர்த்துச் செய்து இரண்டின் பலனையும் இழக்கிறோம். வெள்ளம் மெஷின் வரை ஏறியிருந்தால் உள்ளே இருக்கும் வடிகட்டிகளை எல்லாம் மாற்றி, தொட்டியைக் கழுவிய பிறகுதான் அதைத் திரும்பத் தொட வேண்டும்.

பழைய எவர்சில்வர் கேண்டில் ஃபில்டர் பரணில் கிடந்தால் இறக்குங்கள், அது இப்போது உதவும். பீங்கான் கேண்டிலில் கீறல் இல்லை என்றால் மண்ணையும் பாக்டீரியாவில் பெரும்பகுதியையும் நிறுத்திவிடும். மஞ்சள்காமாலை உண்டாக்கும் வைரஸ் அதைவிடச் சின்னது, உள்ளே நுழைந்துவிடும். அதனால் கேண்டிலில் வடித்துவிட்டு, மாத்திரையை அதற்குப் பிறகு, கீழே இறங்கிய தண்ணீரில் போடுங்கள். கேண்டில் அடைத்துக்கொண்டால் பழைய பல் பிரஷால் தேய்த்து, கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். முன்னைவிட வேகமாகத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் சந்தோஷப்படாதீர்கள், எங்கோ கீறல் விட்டிருக்கிறது.

இவ்வளவு செய்தும் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். முழுவதையும் கரைத்து, ஒவ்வொரு தடவை போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரை டம்ளரில் முழுப் பொட்டலத்தைக் கரைத்தால் உப்பு ஏறி இன்னும் கெடுதல். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி போனால், பிள்ளைக்குக் கண் உள்ளே போய் அழும்போது கண்ணீர் வராவிட்டால், ஆச்சிக்கு ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இறங்காவிட்டால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரே தெருவில் இரண்டு மூன்று பேருக்கு வந்தால் சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். உங்கள் வீட்டு விஷயமாக இருந்தது அப்போது தெருத் தண்ணீரின் விஷயமாகிவிடுகிறது.

தண்ணீர் வடிந்த பிறகு சம்பைக் கழுவாமல் விட்டால் இந்தப் பாடு எல்லாம் திரும்ப வரும். மொத்தத்தையும் இறைத்து, சகதியை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவிவிட்டு நிறையத் தண்ணீர் பிடியுங்கள். 2000 லிட்டர் சம்புக்கு 300 கிராம் புது பிளீச்சிங் பவுடர், பிரித்து நாளான பவுடராக இருந்தால் 400 கிராம். அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக் கொஞ்ச நேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் சம்பில் ஊற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் அத்தனையும் இறைத்துக் கொட்டிவிட வேண்டும். அது குடிக்கிற தண்ணீர் இல்லை, சம்பைக் கழுவுகிற தண்ணீர். மூக்கில் துணி கட்டிக்கொண்டு கரையுங்கள், சம்புக்குள் ஆள் இருக்கும்போது ஊற்றாதீர்கள்.

குழாயில் தண்ணீர் வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். 2023-ல் ஆற்றுக்குள் இருந்த உறைகிணறுகளும் குழாய்களும் சேதமாகிப் பல கூட்டுக்குடிநீர்த் திட்டங்கள் நின்றுபோயின. சரிசெய்து விட்டபோது முதலில் வந்தது வண்டலும் சேறும்தான். உடைந்த இடம் வழியாகக் குழாய்க்குள் இறங்கியது வெளியே வர நாளாகும். முதல் சில குடத்தைக் கொட்டிவிட்டு, இரண்டு வாரம் பழையபடியே மாத்திரை போட்டுக் குடியுங்கள். அப்புறம் உங்கள் ஊர் டேங்க் ஆபரேட்டரிடம் குளோரோஸ்கோப் இருக்கும், உங்கள் வீட்டுக் குழாயில், தெருவின் கடைசி வீட்டிலும் சேர்த்து, ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். கடைசி வீட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்டினால் மாத்திரையை நிறுத்தலாம்.